மாதம் 12,300 ரூபாய் எங்கே போகிறது? வீட்டுக் கணக்கு பேச உட்காரும் கணவன் மனைவி கேட்கும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களுக்காக எழுதியது இது. கணக்கு புரிவதற்கு ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். திருப்பாதிரிப்புலியூரில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவர் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை, கைக்கு வருவது 32,000. அவர் மனைவி தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரி போய் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார், கைக்கு வருவது 15,000. மொத்தம் 47,000 ரூபாய்.

ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம், ஒண்ணும் மிஞ்சல. நான்தான் செலவு பண்றேன்னு அவர் சொல்றார், அவர்தான்னு நான் சொல்றேன். யார் சொல்றது சரி?

பெரும்பாலான வீடுகளில் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருப்பதில்லை. உதாரண வீட்டையே பார்ப்போம். மாதாமாதம் தவறாமல் வரும் செலவு இது: வாடகை 8,500. மளிகை, பால், காய்கறி, மீன், கேஸ் எல்லாம் சேர்த்து 13,500. கரண்ட், போன், நெட் 2,000. பெட்ரோலும் பஸ் செலவும் 4,500. வண்டி இஎம்ஐ 3,200. பெரியவர்களுக்கு அனுப்புவது 3,000. கூட்டினால் 34,700. அப்படியானால் 12,300 ரூபாய் மிஞ்ச வேண்டும், ஆனால் கையில் இல்லை. சண்டை பிறக்கும் இடம் இதுதான். அந்த 12,300-ஐ எதிராளிதான் கரைத்துவிட்டார் என்று இருவருமே மனதுக்குள் நினைக்கிறார்கள்.

இப்போது மாதாமாதம் வராமல் வருஷத்துக்கு ஒருமுறையோ, அவ்வப்போதோ வரும் செலவுகளை மட்டும் தனித்தாளில் எழுதிப் பாருங்கள்.

பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை: 46,000
தீபாவளி: 18,000
மொய், சீர்: 17,000
எல்ஐசி பிரீமியம்: 14,500
டாக்டர், மருந்து, டெஸ்ட்: 12,000
குலதெய்வக் கோயில், ஊருக்குப் போய்வருவது: 8,000
வண்டி இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ்: 7,500
பொங்கல்: 6,000
மிக்சி, ஃபேன், மோட்டார் ரிப்பேர்: 5,000

மொத்தம் 1,34,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 11,167 ரூபாய். காணாமல் போனதாக நினைத்த 12,300-ல் இதைக் கழித்தால் மீதி 1,133. அந்த 1,133-க்குள்தான் இருவரின் டீ, டிபன், பூ, முடிவெட்டு, அவ்வப்போது வாங்கும் ஒரு சுடிதார் எல்லாம் அடங்கியாக வேண்டும். அதற்கெல்லாம் இருவருக்குமாக மாதம் 3,500 ஆகிறது என்றால், மாதம் 2,367 ரூபாய் துண்டு விழுகிறது. வருஷத்துக்கு 28,400.

பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் சங்கிலி அடகுக்குப் போவதும் கார்டைத் தேய்ப்பதும் இந்த 28,400-க்காகத்தான். இதில் ஊதாரி என்று யாரும் இல்லை. வருமானமும் வருஷச் செலவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அந்த வருஷச் செலவு ஒரே தாளில் எழுதப்படாததால் அது யார் கண்ணுக்கும் படவில்லை. ஆகவே, யார் செலவு செய்தது என்று பேசுவதற்கு முன்னால் இந்தத் தாளை நிரப்புங்கள். பேச்சின் சூடு பாதி அங்கேயே தணிந்துவிடும்.

நாங்க எதையும் எழுதி வைக்கிற பழக்கமே இல்லையே. அந்தத் தாளை எப்படி நிரப்புறது?

ஞாபகத்திலிருந்து எழுத வேண்டாம். ஞாபகத்தில் நம் செலவு எப்போதும் குறைவாகவும் எதிராளியின் செலவு கூடுதலாகவும்தான் தெரியும். மூன்று காகிதங்கள் போதும்.

முதலாவது, இருவரின் வங்கி ஸ்டேட்மென்ட், கடைசி மூன்று மாதத்துக்கு. வங்கி ஆப்பிலேயே பிடிஎஃப்பாக எடுக்கலாம். இரண்டாவது, ஒரு வருஷ ரசீதுகள்: பள்ளி, எல்ஐசி, வண்டி இன்சூரன்ஸ். ரசீது தொலைந்திருந்தால் போனில் பழைய மெசேஜைத் தேடினாலே தொகையும் தேதியும் கிடைத்துவிடும். மூன்றாவது, மொய் நோட்டு. நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது அதில் இருக்கிறது. திருப்பிச் செய்ய வேண்டிய தொகையும் அதுதான். ஆடி, மார்கழி நீங்கலாக முகூர்த்த மாதங்களில் எத்தனை பத்திரிகை வந்தன என்று இருவரும் சேர்ந்து எண்ணினால் மொய்க்கணக்கு ஓரளவு துல்லியமாகவே வந்துவிடும்.

ஸ்டேட்மென்ட்டைப் படிக்கும்போது ஒரு தடங்கல் வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். யுபிஐ வழியாகப் போன பணத்துக்கு நேராகப் பல நேரம் கடைப் பெயர் வருவதில்லை, கடைக்காரரின் பெயர் வரும். காலை டிபன் கடைக்குப் போன 60 ரூபாய் யாரோ ஒரு ஆண் பெயரிலும், பூக்காரம்மாவுக்குப் போன 40 ரூபாய் அவர் மகன் பெயரிலும் நிற்கும். ‘யார் இது, வாரத்துக்கு அஞ்சு தடவை பணம் போயிருக்கு?’ என்று ஒருவர் கேட்டாலே போதும், அடுத்தவருக்கு முகம் சிவந்துவிடும். அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: அவரவர் ஸ்டேட்மென்ட்டை அவரவரே முதல் நாள் தனியாகப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘டிபன்’, ‘பெட்ரோல்’, ‘மருந்து’ என்று எழுதி, கூட்டுத்தொகையை மட்டும் கொண்டுவர வேண்டும். ஒருவர் போனை மற்றவர் வாங்கித் துழாவக் கூடாது. நினைவுக்கு வராத வரிகளை ‘தெரியவில்லை’ என்று ஒரு தலைப்பில் போடலாம். அந்தத் தலைப்பில் சில நூறு ரூபாய் இருப்பது சகஜம்.

கரண்ட் பில் விஷயத்தில் ஒரு சின்னக் கவனம். கடலூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், புதுச்சேரியில் மாதாமாதம். கடலூர் வீடு என்றால் பில் தொகையைப் பாதியாக்கி மாதக்கணக்கில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பில் வந்த மாதம் செலவு எகிறியதுபோலத் தோன்றி, ஏசி போட்டது யார் என்று பேச்சு திசைமாறும்.

எப்போ உக்காந்து பேசுறது? அவருக்கு ஷிப்ட், எனக்கு ஞாயித்துக்கிழமைதான் கடையில கூட்டம்.

இருவருக்கும் தூக்கம் முடிந்து, சாப்பாடும் முடிந்த ஒரு பகல் வேளை வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையும், புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வந்து இறங்கிய ராத்திரியும் ஆகாது. சம்பளம் ஏறிய அன்று பேசினால் எல்லாம் தாராளமாகத் தெரியும். மாதக் கடைசியில் பேசினால் எல்லாம் தட்டுப்பாடாகத் தெரியும். இருவரின் சம்பளமும் வந்து, வாடகையும் இஎம்ஐயும் போன பிறகு, அதாவது 8 தேதியிலிருந்து 12 தேதிக்குள் ஒரு நாள் பொருத்தமாக இருக்கும்.

முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நேரமானால் எந்த இடத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் தொடருங்கள். எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை இருவர் முன்னாலும் வையுங்கள். நேருக்கு நேர் உட்காரும்போது ஆளைப் பார்த்துப் பேசுகிறோம், பக்கத்தில் உட்காரும்போது தாளைப் பார்த்துப் பேசுகிறோம்.

நான் வாயைத் தொறந்தாலே ‘என்னைக் குத்தம் சொல்றியா’ன்னு ஆரம்பிச்சிடுறார். முதல் வார்த்தையை எப்படி எடுக்கிறது?

முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் முக்கியம். அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் புதுமணத் தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1999-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் மூன்று நிமிடம் எப்படித் தொடங்குகிறது என்பதை வைத்தே, பின்னால் பிரிந்த தம்பதிகளைப் பிரியாதவர்களிடமிருந்து அடையாளம் காண முடிந்தது என்பது அதன் சாரம். கடுமையாகத் தொடங்கிய பேச்சு நடுவில் இனிப்பது அரிது.

நடைமுறையில் மூன்று வார்த்தைகள் பேச்சைக் கெடுக்கின்றன. ஒன்று ‘எப்பவும்’. ‘எப்பவும் நீங்க இப்படித்தான்’ என்றால், அப்படி இல்லாத ஒரு நாளை அவர் தேடி எடுத்து நீட்டுவார். பேச்சு அந்த நாளைப் பற்றியதாகிவிடும். இரண்டாவது ‘ஏன்’. ‘ஏன் வாங்கினீங்க?’ என்பது காதில் விழும்போது அது கேள்வியாக விழுவதில்லை, விசாரணையாக விழுகிறது. அதற்கு வருவது காரணம், கணக்கு வராது. ‘எவ்வளவு ஆச்சு?’, ‘எந்த மாசம்?’ என்று கேட்டால் எண் வரும், எண்ணைத் தாளில் எழுதலாம். மூன்றாவது ‘உங்க வீடு’. ‘உங்க வீட்டுக்கு மட்டும்’ என்று சொன்ன உடனே பணம் ஒதுங்கிவிடும், மானம் முன்னால் வந்துவிடும்.

ஆகவே ஆளிடம் தொடங்காமல், வரப்போகும் ஒரு செலவிடம் தொடங்குங்கள்:

‘ஏங்க, ஜூன்ல பிள்ளைங்களுக்கு 46,000 கட்டணும். இப்ப கையில 9,000 இருக்கு. எனக்கு ராத்திரி இதே யோசனையா இருக்கு. புதன்கிழமை உங்களுக்கு லீவுதானே, ரெண்டு பேரும் உக்காந்து ஒரு தடவை எழுதிப் பார்த்துடலாமா?’

இதில் ஒரு செலவும், ஒரு எண்ணும், சொல்பவரின் கவலையும், ஒரு நாளும் இருக்கின்றன. பதில் சொல்லவேண்டிய குற்றம் எதுவும் இல்லை. இன்னொன்றும் செய்யலாம்: முதலில் உங்கள் ஸ்டேட்மென்ட்டின் கூட்டுத்தொகையை நீங்களே படியுங்கள், அதில் உங்களுக்கே நெருடும் ஒரு செலவையும் சொல்லிவிடுங்கள். ‘ஆன்லைன்ல நான் மூணு மாசத்துல 4,100 வாங்கியிருக்கேன், கூட்டிப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது.’ அதைக் கேட்ட பிறகு எதிராளி தன் தாளை மறைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

அவ ஆரம்பிச்சா எனக்குப் படபடன்னு வருது. சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிடுறேன். அது தப்பா?

எழுந்து போவது தப்பில்லை, எப்போது வருவேன் என்று சொல்லாமல் போவதுதான் காயப்படுத்துகிறது. கோபத்தில் நெஞ்சு வேகமாக அடிக்கும்போது எதிராளி சொல்வது காதில் சரியாக ஏறாது, பழைய பதிலே வாயில் வரும். அது தணிய 20 நிமிடமாவது பிடிக்கும். ‘எனக்குக் கோபம் ஏறுது. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு நடை போயிட்டு அஞ்சு மணிக்கு வரேன், வந்து மொய்க்கணக்குலருந்து தொடரலாம்’ என்று நேரத்தையும் விட்ட இடத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். போகும் வழியில் என்ன பதில் சொல்லி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தால் 20 நிமிடம் நடந்தும் படபடப்பு இறங்காது. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவது முக்கியம்.

திரும்பி வந்த பிறகு, அவர் சொன்னதில் எது உண்மையோ அந்தத் துண்டை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ‘நீங்க சொல்லாமலே பணம் எடுக்கிறீங்க’ என்று அவர் சொன்னால், ‘ஆமா, போன மாசம் 2,400 நான் சொல்லாம எடுத்தது. மத்ததைப் பார்க்கலாம்’ என்பது போதும். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு சிறு உண்மையை ஒப்புக்கொள்ளும்போது எதிராளிக்குக் குரலை உயர்த்தக் காரணம் இல்லாமல் போகிறது.

டீ குடிச்சேன், பூ வாங்கினேன், இதுக்கெல்லாமா கணக்கு சொல்லணும்?

வேண்டாம். சொல்லச் சொன்னால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இருவருக்கும் ஆளுக்கு ஒரு தொகை ஒதுக்கிவிட்டு அதைப்பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட வேண்டும். உதாரண வீட்டில் மொத்தம் 3,500 என்றால் ஆளுக்கு 1,750. அதில் அவர் தினமும் வடை சாப்பிடலாம், அவர் மனைவி நாலு மாதம் சேர்த்துவைத்து ஒரு புடவை எடுக்கலாம். தொகை தீர்ந்தால் அடுத்த மாதம்தான்.

சம்பள விகிதப்படி பிரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சமமாக வைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. விகிதப்படி பிரித்தால் குறைவாகச் சம்பாதிப்பவர் ஒவ்வொரு மாதமும் அதை ஒரு மதிப்பெண்போல வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். இந்தத் தொகையை ஒன்றாம் தேதியே ரொக்கமாக எடுத்துத் தனியாக வைத்துவிட்டால், எஞ்சிய ஸ்டேட்மென்ட் முழுவதும் வீட்டுச் செலவாகவே இருக்கும், படிக்கவும் சுலபம்.

நான் வேலைக்குப் போகல, வீட்டுலதான் இருக்கேன். எனக்கும் அதே தொகையா?

ஆமாம், அதே தொகைதான். மளிகைக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து மிச்சம் பிடித்து அரிசி டப்பாவில் வைப்பதைப் பல வீடுகளில் ‘அவளுக்கு வேற எதுக்குப் பணம்?’ என்பதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒளித்து வைத்த 200 ரூபாய், கேட்டுவாங்க மனமில்லாததால் ஒளித்தது. கையில் கேள்வியில்லாத பணம் வந்துவிட்டால் மளிகைக்கணக்கும் உள்ளபடியே எழுதப்படும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் வரும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் அவர் பெயரில்தான் வருகிறது. அதை வீட்டுச் செலவில் சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்பதை அவரே சொல்லட்டும். சேர்ப்பதாகச் சொன்னால், வருமானப் பக்கத்தில் அவர் பெயரோடு எழுதுங்கள்.

எங்க அம்மாவுக்கு அனுப்புறதைச் சொன்னாலே அவ முகம் சுருங்குது. அதுக்காகச் சொல்லாம அனுப்புறேன்.

சொல்லாமல் அனுப்பும் 1,000 ரூபாய், சொல்லி அனுப்பும் 3,000 ரூபாயைவிட அதிகமாக உறுத்தும். தாளில் ‘பெரியவர்கள்’ என்று ஒரே தலைப்பு போட்டு, இரு வீட்டுப் பெரியவர்களின் மருந்து, டாக்டர் செலவு, நல்ல நாளுக்குச் செய்வது எல்லாவற்றையும் அதன் கீழ் கொண்டுவாருங்கள். இரு பக்கமும் ஒரே தொகை இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் பென்ஷன் வரலாம், மறுபக்கம் மாதம் 1,800-க்கு சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டியிருக்கலாம். தேவையைப் பார்த்துத் தொகையை முடிவு செய்து, வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் அதை மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் மாதாமாதம் இந்தப் பேச்சு எழாது.

தங்கை வீட்டு வளைகாப்பு, அண்ணன் மகள் சடங்கு என்று திடீரென வரும் சீர்தான் கஷ்டம். அதற்கு ஒரு வரம்பு வையுங்கள்: இத்தனை ரூபாய் வரைக்கும் தனியாக முடிவெடுக்கலாம், அதற்குமேல் என்றால் வாக்குக் கொடுக்கும் முன் ஒரு போன். 47,000 வருமானத்துக்கு 2,000 ஒரு நியாயமான வரம்பு. உறவுக்காரர் முன்னால் நிற்கும்போது ‘வீட்டுல கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்வதற்கும் அது ஒரு பிடிமானமாக இருக்கும்.

அவளுக்குத் தெரியாம கிரெடிட் கார்டுல 40,000 கடன் ஏறிடுச்சு. எப்படிச் சொல்றது?

முழுத்தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். முதலில் 15,000 என்று சொல்லி, பிறகு 25,000, அப்புறம் 40,000 என்று வந்தால் கடனைவிடப் பெரிய சேதம் ஆகிவிடும். அதற்குப்பின் எந்த எண்ணைச் சொன்னாலும் ‘இன்னும் இருக்கோ’ என்றுதான் தோன்றும். ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: ‘உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். கார்டுல 40,000 பாக்கி இருக்கு. இதோ பேப்பர். எதுக்கு ஆச்சுன்னு பக்கத்துல எழுதியிருக்கேன். நீ பார்த்துட்டு எப்ப பேசணும்னு சொல்லு.’ காரணத்தை முதலில் சொல்லிக் கடனைப் பின்னால் சொல்லாதீர்கள், சாக்குப்போல விழும். அவர் அழுதாலும் கோபப்பட்டாலும் அன்றைக்கே தீர்வு பேச அவசரப்படாதீர்கள், அவருக்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 40,000-க்கு 1,400 ரூபாய் வட்டி. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 252. குறைந்தபட்சத் தொகை என்று 5 சதவீதம், 2,000 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது 348 மட்டும். மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறேனே என்று நினைத்துக்கொண்டிருப்பவரின் கடன் நகராமல் நிற்பதற்கு இதுதான் காரணம். வங்கி நகைக்கடனில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் அதே 40,000-க்கு மாத வட்டி சுமார் 333. நகையை வைத்துக் கார்டு பாக்கியை அடைப்பது கணக்குப்படி லாபம்தான். ஆனால் நகை அவருடையது, முடிவும் அவருடையது. அதோடு கார்டையும் மூடிவிட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் நகையும் அடகில் இருக்கும், கார்டிலும் பாக்கி நிற்கும்.

‘வேற கடன் எதுவும் இல்லையே?’ என்ற கேள்வி அவர் மனதில் கட்டாயம் இருக்கும். கிரெடிட் ரிப்போர்ட்டை சிபில் போன்ற நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். அடகுக்கடையில் வைத்ததும், கைமாற்று வாங்கியதும், வட்டிக்கு விடுபவரிடம் வாங்கியதும் அந்த ரிப்போர்ட்டில் வராது. அவற்றைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும்.

அவ நகை வாங்குறதைச் சேமிப்புங்கிறா. நான் செலவுங்கிறேன். எது சரி?

ஒரே பில்லில் இரண்டும் இருக்கின்றன. ஒரு லட்ச ரூபாய்த் தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் சேர்ந்து 12 சதவீதம் என்றால் 12,000. மொத்தத்துக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 3,360. கட்டுவது 1,15,360. நாளைக்கே விற்கப் போனால் தங்கத்தின் விலையைத்தான் பார்ப்பார்கள், 15,360 திரும்பாது. தாளில் ஒரு லட்சத்தைச் சேமிப்பிலும் 15,360-ஐச் செலவிலும் எழுதுங்கள். வேலைப்பாடு கூடிய நெக்லஸுக்குப் பதில் சேதாரம் குறைந்த சாதாரண வளையல் எடுக்கலாமா, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்று பேச்சு அதன்பிறகு உருப்படியான பக்கம் போகும்.

எல்லாம் எழுதியாச்சு. மாசம் 2,367 பத்தலைன்னு வருது. இப்ப யாரு குறைக்கிறது?

யார் என்று தொடங்கினால் மறுபடியும் பழைய இடம். எந்த வரி தானாகக் குறையப்போகிறது என்று முதலில் தேடுங்கள். உதாரண வீட்டில் வண்டி இஎம்ஐ இன்னும் ஏழு மாதத்தில், ஜனவரியோடு முடிகிறது. முடிந்ததும் மாதம் 3,200 விடுபடும், துண்டு போய் 833 மிஞ்சும். ஆகவே பேச வேண்டியது ஜூலையிலிருந்து ஜனவரி வரையான ஏழு மாதம் மட்டும்தான். அதற்குத் தேவை 16,569. தீபாவளியை 18,000-லிருந்து 12,000 ஆக்கினால் 6,000. இருவரின் கைச்செலவிலும் ஆளுக்கு 500 குறைத்தால் ஏழு மாதத்தில் 7,000. மீதி 3,569-க்கு மளிகையில் மாதம் 510 இழுத்துப் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே அளவு விட்டுக்கொடுக்கிறார்கள், முடிகிற தேதியும் தெரிகிறது. முடிவில்லாத சிக்கனத்தைவிட இதற்கு ஒப்புக்கொள்வது சுலபம்.

பிறகு, வருஷச் செலவுக்கென்று ஒரு தனி சேமிப்புக் கணக்கு திறங்கள். இருவர் பெயரிலும், ‘ஐதர் ஆர் சர்வைவர்’ முறையில். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவருக்கு ஏதாவது ஆனாலும் மற்றவர் கையில் பணம் இருக்கும். மாதம் 11,200 அதற்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடுங்கள். இந்தக் கணக்குக்கு யுபிஐ வேண்டாம், ஏடிஎம் கார்டு பீரோவில் இருக்கட்டும்.

எந்த மாதம் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். ஜூலையில் தொடங்கினால் அடுத்த பள்ளிக் கட்டணத்துக்குப் பன்னிரண்டு மாதம் இருக்கிறது, நடுவில் தீபாவளியும் பொங்கலும் தாங்கும். மார்ச்சில் தொடங்கினால் ஜூனுக்குள் நாலு தவணை, 44,800 மட்டும்தான் சேரும். பள்ளிக்கே 46,000 வேண்டும். முதல் வருஷமே இடித்து, ‘இதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். மார்ச்சில்தான் தொடங்க முடியும் என்றால், பள்ளியில் இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ரொக்கமா வீட்டுல வைக்கலாமா? கையில இருந்தா செலவாயிடும்னு அவர் சொல்றார்.

கொஞ்சம் வைக்கத்தான் வேண்டும். நம் கடற்கரையில் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். கரண்ட் போய், டவர் போய், ஏடிஎம்மும் யுபிஐயும் கைவிட்ட நாட்களில் பால், மெழுகுவத்தி, ஆட்டோ எல்லாம் ரொக்கத்துக்குத்தான். நவம்பர் தொடங்கும் முன் 5,000 ரூபாயை, பாதி நூறு ரூபாய்த் தாளாக, ஈரம் படாத பையில் போட்டு, இருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஜனவரியில் திரும்பக் கணக்கில் போட்டுவிடலாம்.

மாசாமாசம் இப்படி உக்காரணுமா?

முதல் தடவைபோல வேண்டாம், 20 நிமிடம் போதும். மூன்று எண்களைப் பாருங்கள்: வருஷக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த மூன்று மாதத்தில் அதிலிருந்து என்னென்ன போகப்போகிறது, மளிகை எவ்வளவு ஆனது. போன மாதத்தில் யார் எங்கே தவறினார் என்று தோண்ட வேண்டாம். தொகை கூடியிருந்தால் தாளில் உள்ள எண்ணை மாற்றுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து மளிகை 13,500-ஐத் தாண்டினால் அது கைமீறல் அல்ல, 13,500 என்று நீங்கள் போட்டதே குறைவு.

நாங்க சொல்ற எதுவும் எடுபடல. சம்பளத்துல பாதி குடிக்கே போயிடுது. கேட்டா கை ஓங்குறார்.

அங்கே இந்தத் தாள் வேலை செய்யாது, இன்னும் பொறுமையாகப் பேசிப் பாருங்கள் என்று நாங்கள் சொல்லவும் மாட்டோம். குடிப்பழக்கத்துக்கு 14446 என்ற இலவச எண்ணில் அழைத்து, பக்கத்தில் உள்ள சிகிச்சை மையத்தைக் கேட்கலாம். அடிப்பது மட்டுமல்ல, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பதும், சம்பளத்தையோ நகையையோ பிடுங்கிக்கொள்வதும் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதாரத் துன்புறுத்தல் என்றே வருகிறது. 181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும். அழைக்கும் முன், ஆதாரும் வங்கிப் பாஸ்புக்கும் நகை ரசீதும் நீங்கள் நம்பும் ஒருவர் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.